பிந்திய வரி, குறைந்த வரி

முதலாளி அந்தக் கடிதத்தை என் மேசையில் வைக்கவில்லை, வீசினார். அது டைப்ரைட்டரில் பட்டுக் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுக்கும்வரை நின்றுவிட்டு, "வாசி" என்றார். கடையில் அப்போது காரியாபட்டியிலிருந்து வந்த ஜவுளிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வாசிக்கச் சொன்னதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

வாசித்தேன். மெட்ராஸில் இருந்த ஏற்றுமதிக் கம்பெனி எழுதியிருந்தது. போன மாதம் நாங்கள் அனுப்ப வேண்டியிருந்த வரிகள் ஐம்பது. சொன்ன தேதிக்குள், கேட்ட அளவு முழுவதும் அவர்கள் கிட்டங்கிக்கு, சரக்கு வைக்கும் கோடவுனுக்கு, வந்து சேர்ந்தவை இருபத்தொன்பது. ஐம்பத்தெட்டு சதவீதம். இன்னும் மூன்று மாதத்துக்குள் எண்பத்தைந்துக்கு வரவில்லையென்றால் எங்களுக்குக் கொடுக்கிற ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வரி என்றதும் ஜவுளிக்காரர்கள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சர்க்கார் போடுகிற வரி என்று நினைத்துவிட்டார்கள். இது ஆர்டர் தாளில் இருக்கும் வரி. ஒரே ஆர்டரில் வெள்ளைத் துண்டு நானூறு டஜன் என்பது ஒரு வரி, நீலக் கட்டம் போட்ட துண்டு இருநூறு டஜன் அடுத்த வரி, மெத்தை விரிப்பு அதற்கடுத்த வரி. ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி, தனி அளவு. தேதி ஒரு நாள் தள்ளிப்போனாலும் அந்த வரி தோல்வி. அளவில் ஒரு டஜன் குறைந்தாலும் அந்த வரி தோல்வி. பரீட்சையில் அரை மதிப்பெண் போடுவதுபோல் அரை வரி எதுவும் கிடையாது.

"நீ மெட்ராஸுக்கு எம்புட்டு எழுதிக் குடுத்த?" என்றார் முதலாளி.

"தொண்ணூத்திரெண்டு."

"இங்க என்ன போட்டிருக்கு?"

ஜவுளிக்காரர்களில் ஒருவர் சிரித்தார். படித்த பிள்ளை என்று வேலைக்கு எடுத்தால் இப்படித்தான் என்று முதலாளி அவர்களிடம் சொன்னார். பாலவனத்தத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பி.காம். படித்த அகம்பாவத்தில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்த எனக்கு அது செருப்படி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பெண்கள் அதிகம் பேர் இல்லை. தப்பு செய்தால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் பேச்சு விழும்.

அந்தத் தொண்ணூற்றிரண்டை நான் கற்பனையாக எழுதவில்லை. எங்கள் கிட்டங்கியில் ஒரு அனுப்புகைப் பேரேடு இருந்தது. எந்தத் தேதியில் எந்தச் சரக்கு எத்தனை டஜன் லாரி ஏறியது என்று அதில் இருக்கும். கடைசிக் கட்டத்தில் குறிப்பு. சில வரிகளுக்கு எதிரே 'சரி' என்று இருக்கும், சிலவற்றுக்கு எதிரே 'நிறைவு' என்று இருக்கும். கேட்ட அளவு எவ்வளவு என்பது அந்தப் பேரேட்டில் கிடையாது, அது முதலாளி அறையிலிருந்த ஆர்டர் தாளில் இருந்தது. முதலாளி கூப்பிட்டால்தான் அந்த அறைக்குள் நான் போக முடியும். ஆகவே சரி என்பதையும் முழுசு என்று எடுத்துக்கொண்டேன், நிறைவு என்பதையும் முழுசு என்று எடுத்துக்கொண்டேன். தமிழ் தெரிந்தவர்கள் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? தேதி தவறியது நாலே வரிகள். ஐம்பதில் நாற்பத்தாறு போக, தொண்ணூற்றிரண்டு.

கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டவர் முதலாளியின் மைத்துனர். எங்களுக்கெல்லாம் அவர் கிட்டங்கிக்காரர். என்னை ஒருநாளும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாப்பா என்பார், அதையும் இளக்காரமாக. நான் ஏதாவது கேட்டால் பக்கத்தில் நிற்கும் மூட்டை தூக்குகிறவரைப் பார்த்துப் பதில் சொல்வார். அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதை மறைக்கவும் நான் மெனக்கெட்டதில்லை.

அன்று மத்தியானம் முதலாளி ஆர்டர் தாள்களைக் கட்டாக என் மேசையில் போட்டுவிட்டு, "ஒன் தப்ப நீயே கண்டுபிடி" என்று போய்விட்டார். மெட்ராஸ்காரர்கள் சரக்கு இறக்கியதும் அனுப்புகிற ரசீது நகல்களும் அந்தக் கட்டில் இருந்தன. பேரேட்டையும் சேர்த்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆர்டர் தாளில் வெள்ளைத் துண்டு நானூறு டஜன். மெட்ராஸ் ரசீதில் முந்நூற்று எழுபது. எங்கள் பேரேட்டில் முந்நூற்று எழுபது, எதிரே அழகான கையெழுத்தில் நிறைவு. அடுத்த வரி, மெத்தை விரிப்பு. கேட்டது நூற்றைம்பது, போனது நூற்று நாற்பத்தாறு. நிறைவு. மூன்றாவதும் அப்படியே. நாலாவது வரிக்குப் போகும்போதே எனக்குக் காது சூடாகிவிட்டது.

பேரேட்டைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். அவர் பேல் கட்டுகிற சணல் கயிற்றை அளந்து வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நானூறு கேட்டதுக்கு முந்நூத்தி எழுபது போயிருக்கு. நிறைவுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. சரக்கு நிறைஞ்சு போச்சு. இருந்தத அனுப்பியாச்சு."

"நிறைஞ்சு போச்சுன்னா?"

அவர் கயிறு வெட்டுகிறவரைப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, இந்தப் பாப்பா வீட்டுல அரிசி தீந்துட்டா என்ன சொல்லுவாகளாம்? அரிசி இல்லன்னு வாய் வச்சுச் சொல்லுவாகளாக்கும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வியாபாரக் குடும்பங்களில் ஒரு பொருள் தீர்ந்துபோனால் இல்லை என்றோ தீர்ந்தது என்றோ சொல்ல மாட்டார்கள். உப்பு நிறைஞ்சிருக்கு, வாங்கணும் என்பார்கள். இல்லை என்று சொன்னால் லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாளாம். எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான் சொல்வார். கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. அது ஒரு பேரேட்டின் கடைசிக் கட்டத்தில் வந்து உட்காரும் என்று எனக்குத் தோன்றவில்லை. முழுசாகப் போனதற்கு அவர் 'சரி' என்று எழுதியிருந்தார். குறைந்துபோனதற்கெல்லாம் 'நிறைவு'. நான் இரண்டையும் கூட்டி மெட்ராஸுக்குப் பெருமையாக அனுப்பிவைத்திருந்தேன்.

"குறைவுன்னு எழுதிருக்க வேண்டியதுதான?"

"குறைவுன்னு என் கையால எழுதணுமா? போ பாப்பா, பொழப்பப் பாரு."

சரக்கு ஏன் குறைந்தது என்று மூட்டை தூக்குகிறவரிடம் தனியாகக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. கடைக்கு நேரில் வருகிற ஜவுளிக்காரர்களுக்கு, அன்று என் தலைகுனிவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இருவரைப் போன்றவர்களுக்கு, மெட்ராஸுக்கென்று எடுத்துவைத்த கட்டிலிருந்து கிட்டங்கிக்காரர் பிரித்துக் கொடுப்பாராம். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். அவர்களிடமும் இல்லை என்று சொல்ல முடியாதே.

அன்றிலிருந்து இரண்டு நாட்கள் நான் வேறு வேலை பார்க்கவில்லை. ஐம்பது வரிகளையும் பெரிய தாளில் எழுதினேன். கேட்ட அளவு, போய்ச் சேர்ந்த அளவு, சொன்ன தேதி, போய்ச் சேர்ந்த தேதி. இங்கே இன்னொரு தப்பும் அகப்பட்டது, இது முழுக்க என்னுடையது. நான் லாரி கிளம்பிய தேதியை எடுத்திருந்தேன். அவர்கள் சரக்கு இறங்கிய தேதியை எடுத்திருந்தார்கள். சொன்ன தேதியன்று இங்கே லாரி ஏறிய இரண்டு வரிகள் அங்கே மறுநாள்தான் இறங்கின. ஆக, பிந்தியவை நாலு இல்லை, ஆறு.

பிறகு கடிதத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன். தோற்ற இருபத்தொரு வரிகளையும் ஒரே குவியலாக வைக்காமல் இரண்டாகப் பிரித்தேன். பிந்தியவை ஒரு பக்கம், குறைந்தவை ஒரு பக்கம். தேதி மட்டும் தவறியவை நாலு. அளவு மட்டும் குறைந்தவை பதினைந்து. தேதியும் தவறி அளவும் குறைந்தவை இரண்டு. அந்த இரண்டையும் இரண்டு பக்கமும் எழுத வேண்டும், ஆனால் மொத்தத் தோல்வியில் ஒருமுறைதான் எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் தேதிக்கு ஐம்பதில் நாற்பத்துநாலு, எண்பத்தெட்டு சதவீதம். அளவுக்கு ஐம்பதில் முப்பத்துமூன்று, அறுபத்தாறு. இரண்டிலும் தேறியது அதே இருபத்தொன்பது. கணக்கு இடிக்காமல் வந்து நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை. கிட்டங்கிக்காரர் மாட்டிக்கொண்டார் என்ற சந்தோஷம்.

இந்த நேரத்தில்தான் தறிக்காரம்மா வந்தார்.

திருச்சுழி ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில், எட்டு பவர்லூம் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர். வீட்டுக்காரர் மதுரையில் மில் வேலைக்குப் போய்விட்டதால் அந்தத் தறிச் செட்டை இவர்தான் நடத்தினார். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைவிட நல்ல தமிழ். எங்கள் கம்பெனி சாயநூல் கொடுக்கும், அவர் நெய்து கூலி வாங்கிக்கொள்வார். கட்டம் போட்ட துண்டை அந்த அளவுக்குக் கோணாமல் நெய்ய எங்களிடம் அவர் ஒருவர்தான் இருந்தார். வாய் அதற்கு மேல். எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் கிட்டங்கிக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை நான் துணியின் அகலத்தை ஸ்கேலால் அளந்தபோது, "பேப்பரம்மாவுக்குத் துணியத் தொட்டுப் பாத்தாத் தெரியாதாக்கும்" என்றார். அந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஆகவே அவரையும் எனக்குப் பிடிக்காது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அன்று அவர் கொண்டுவந்த சரக்கை இறக்கிக்கொண்டிருக்கும்போது முதலாளி வாசலில் நின்று, "ஒங்க லேட்டுனாலதான் மெட்ராஸ் ஆர்டரே போகப் போகுது" என்று சத்தம் போட்டார். எந்தத் தறிக்காரர் வந்தாலும் அந்த வாரம் இதே பேச்சுதான். ஐம்பத்தெட்டு என்ற ஒற்றை எண்ணில் யார் மேல் வேண்டுமானாலும் பழி போடலாம், அதில் முகம் கிடையாது.

"லேட்டா?" என்றார் தறிக்காரம்மா. "நூலு வந்த மறுநா தறியில பாவு ஏத்துறேன். ராத்திரி பகலா எட்டு தறியும் ஓடுது. எங்கிட்ட வந்து லேட்டுங்கிறீக."

இதுதான் சமயம் என்று நான் எழுந்தேன். "முதலாளி, லேட்டு கம்மிதான். குறைச்சல்தான் ஜாஸ்தி. தாள்ல போட்டு வச்சிருக்கேன்" என்றேன். தறிக்காரம்மா என்னை முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

முதலாளி தாளை உள்ளே கொண்டுவரச் சொன்னார். கிட்டங்கிக்காரரும் வந்து சுவரில் சாய்ந்து நின்றார். குறைந்த பதினேழு வரிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நிறைவு என்ற சொல்லின் கதையையும் சொன்னேன். சொல்லும்போது கிட்டங்கிக்காரர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முதலாளி பேரேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தன் வீட்டுப் பேச்சு தன்னையே கவிழ்த்ததைக் கண்டு அவருக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது.

"சரி, மச்சான். இனிமே மெட்ராஸ் கட்டுல கை வைக்காதீக. தனியா அடுக்குங்க" என்றார். அவ்வளவுதான். பதினேழு வரிக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

பிறகு தாளின் மற்றப் பக்கத்தைத் தட்டினார். "இந்த ஆறு லேட்டு யாரு?"

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. முந்தின நாளே ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தச் செட்டில் நெய்தது என்று எழுதியிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாக எழுதினேன். கணக்கு முழுசாக இருக்க வேண்டும் என்ற ஆசை. குறைந்தவை எல்லாச் செட்டிலும் சிதறிக் கிடந்ததால் பழி கிட்டங்கிக்குத்தான் என்று காட்ட அது உதவும் என்று நினைத்தேன். பிந்திய ஆறும் ஒரே செட்டு. நீலக் கட்டம், சிவப்புக் கட்டம், பச்சைக் கட்டம், ஆறும் தறிக்காரம்மாவுடையவை.

எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் வாயை மூடிக்கொள்ளவில்லை. கேள்வி கேட்டதும் பதில் சொல்வது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு வியாதி.

"திருச்சுழி ரோட்டுச் செட்டு" என்றேன்.

சுவரில் சாய்ந்திருந்த கிட்டங்கிக்காரர் நிமிர்ந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, அந்தம்மா வாய்க்கு வேல செய்றதில்லன்னு. மத்த செட்டு ஒண்ணுகூட லேட்டில்ல. இத விட்டுட்டா தேதியில நூத்துக்கு நூறு. பாப்பாவே எழுதியிருக்கு பாருங்க." அந்த ஒரு நாள் அவர் என்னைப் பாராட்டினார்.

முதலாளி அதிகம் யோசிக்கவில்லை. மைத்துனரை வேலையை விட்டு அனுப்ப முடியாது, அனுப்பினால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆனால் மெட்ராஸுக்கு நடவடிக்கை எடுத்தோம் என்று ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். கட்டம் போட்ட துண்டை இனி எடுத்துக்கொள்ள முடியாது என்று எழுதச் சொன்னார். அந்தச் செட்டுக்கு நூல் கொடுக்க வேண்டாம் என்று கிட்டங்கிக்காரரிடம் சொன்னார். வெளியே தறிக்காரம்மா சரக்குக்கு ரசீது வாங்கக் காத்திருந்தார். அவரிடம் போய்ச் சொன்னது கிட்டங்கிக்காரர்தான். என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. "பேப்பரம்மா போட்ட கணக்காம்" என்ற தறிக்காரம்மாவின் குரல் மட்டும் கேட்டது. பிறகு சைக்கிள் ரிக்‌ஷா போகிற சத்தம்.

மறுநாள் காலையில் நான் நூல் கொடுக்கும் ஏட்டை எடுத்துப் பார்த்தேன். ஒருநாள் முந்திப் பார்த்திருக்கலாம். அது என் மேசையிலிருந்து பத்தடி தூரத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயநூல் மாதம் மூன்றாம் தேதியே கிட்டங்கிக்கு வந்திருக்கிறது. மூன்றாம் தேதியே அந்தச் செட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது பன்னிரண்டாம் தேதி. நடுவில் கிட்டங்கிக்காரர் அதே சாயநூலில் ஒரு பங்கை எடுத்து, உள்ளூர் ஜவுளிக்காரர்களுக்குக் கட்டம் போட்ட சேலை நெய்ய வேறொரு செட்டுக்குக் கொடுத்து, பிறகு புது நூல் வரும்வரை தறிக்காரம்மாவைக் காக்க வைத்திருக்கிறார். ஒன்பது நாள் தாமதமாக நூல் வாங்கி, எந்த வரியிலும் ஆறு நாளுக்கு மேல் தாமதிக்காமல் சரக்குக் கொடுத்திருக்கிறார் அவர். அந்த மாதத்தில் எங்கள் கம்பெனியிலேயே நேரத்தை மிச்சம் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

ஏட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் பார்த்தார், இரண்டு தடவை பார்த்தார். பார்க்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

"இத நேத்து ஏன் காட்டல?"

"நேத்து பாக்கல."

"ஒன் தாள்ல நூலு குடுத்த தேதிக்குன்னு ஒரு கட்டம் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப முடிஞ்சு போச்சு. மெட்ராஸுக்கு எழுதியாச்சு. நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு எழுதுனா அவுக நம்மளப் பைத்தியக்காரன்னு நெனப்பாக."

என் முதல் தொண்ணூற்றிரண்டை வைத்தே என் வாயை அடைத்தார். நான் ஏட்டைக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினேன். கோபத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். சாயங்காலம் வழக்கமான பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதத்தில் எங்கள் எண் மேலே வந்தது. மெட்ராஸ் கட்டுகளைத் தனியாக அடுக்கியதால் குறைச்சல் நின்றுபோயிற்று, முழுசாக இல்லாவிட்டாலும் பெரும்பாலும். மூன்றாம் மாதம் நாற்பத்திரண்டு வரிகள். குறைந்தது நாலு. பிந்தியது ஒன்றுமில்லை. தொண்ணூறு சதவீதம். மெட்ராஸ் கம்பெனி பாராட்டிக் கடிதம் எழுதியது. பிந்தியதையும் குறைந்ததையும் பிரித்துக் காட்டிய முறை நன்றாக இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்களுக்கும் இதையே சொல்லப்போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி அந்தக் கடிதத்தை வீசவில்லை, கையில் கொடுத்தார். பிந்தியவை பக்கத்தில் பூஜ்யம் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஏற்றுக்கொள்ளாத வரி பிந்தாது, குறையவும் செய்யாது. கட்டம் போட்ட துண்டு எட்டு வரிகள் எங்கள் தாளிலேயே இல்லை.

அந்த வாரம் தறிக்காரம்மா காலி பீம்களை, பாவு நூல் சுற்றுவதற்குக் கம்பெனி கொடுத்திருந்த உருளைகளை, திருப்பிக் கொடுக்க வந்தார். கிட்டங்கிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பீம்களை இறக்கிவிட்டு நேராக என் மேசைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எட்டு தறியில ரெண்டுதான் ஓடுது. வேலைக்கு நின்ன மூணு பேர வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார். "எங்கன போய் நூலு கேட்டாலும், நீங்க லேட்டுக்காரவுகளாமே, அந்தக் கம்பெனியில கணக்கே போட்டு நிறுத்திட்டாகளாமேன்னு கேக்காக. டவுனு பூராம் தெரிஞ்சிருக்கு."

நான் மேசையைப் பார்த்தேன்.

"எனக்கு நூலு என்னைக்குக் குடுத்தாகன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். பன்னெண்டாந்தேதி."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்வேன், திட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். பிறகு குரல் இறங்கியது. அவர் குரல் இறங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அத ஒரு தாள்ல எழுதிக் குடு. நூலு வந்த தேதி, துணி குடுத்த தேதி, ரெண்டே ரெண்டு. கம்பெனி முத்திரை வேணாம். ஒன் கையெழுத்து போதும். பேப்பரம்மா எழுதுனதுன்னா நம்புவாக."

அவர் சொன்னது சரி. நம்புவார்கள். என் கணக்கைக் கேட்டுத்தான் அவரை நிறுத்தினார்கள், என் கணக்கைக் கேட்டு அவரைச் சேர்த்துக்கொள்ளவும் செய்திருப்பார்கள். ஏடு ஆணியில் தொங்கியது. தாள் மேசையில் இருந்தது. பேனா என் கையிலேயே இருந்தது. இரண்டு தேதி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

"கம்பெனி கணக்க வெளிய குடுக்கக் கூடாதுக்கா" என்றேன். அதுவரை நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க கணக்குல வெளிய போகாதது அந்த ரெண்டு தேதி மட்டுந்தான்" என்றார். பிறகு வெளியே போய், இறக்கிவைத்த பீம்களைத் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்து, ரசீது எழுதச் சொல்லி என்னையே கேட்டார். எட்டு காலி பீம் பெற்றுக்கொண்டோம் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.